மருந்துத் தொட்டி மட்டும் ஏன் போதாது: சின்னக் கோழிக் கொட்டிலின் சுத்தம் பற்றி

கன்னியாப் பக்கம் ஒரு அக்கா 200 இறைச்சிக் கோழி வளர்க்கிறார். திருகோணமலையைச் சுற்றியுள்ள சிறு பண்ணையாளர்களுக்காக நாங்கள் மூன்று பேர் சேர்ந்து நான்கு நிமிட வீடியோ ஒன்று எடுக்க நினைத்தபோது, முதலில் போனது அவருடைய வளவுக்குத்தான். கொட்டில் வாசலில் ஒரு நீலப் பேசின் இருந்தது. அதில் பழுப்பு நிறத் தண்ணீர், மேலே நாலைந்து வேப்பிலை, அடியில் ஒரு விரற்கடை மண்.

"இந்த மருந்துத் தண்ணியில கால வச்சிட்டுத்தான் தம்பி உள்ள போறன். ஒரு நாளும் விட்டதில்ல" என்றார். சொன்னபடியே செருப்போடு பேசினில் கால் வைத்து, சொட்டச் சொட்ட உள்ளே போனார்.

அவருடைய அக்கறையில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் பாதியைத்தான் சொல்லியிருந்தார்கள். மருந்துத் தொட்டி இருந்தால் நோய் உள்ளே வராது என்ற நம்பிக்கை கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் என்று நான் போன எல்லா இடத்திலும் இருக்கிறது. அது ஏன் போதாது, வேறு என்ன செய்ய வேண்டும் என்பதை வீடியோவில் சொன்னதைவிடக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

## செருப்பைக் கழற்றும் வாசல்

கோணேசர் கோயிலுக்குப் போகிறோம். வாசலில் செருப்பைக் கழற்றுகிறோம். பள்ளிவாசலிலும் அப்படித்தான், வீட்டுத் திண்ணையிலும் அப்படித்தான். அங்கே யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. ஆனாலும் வெளிச்செருப்பு எதுவரை வரலாம் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரியாமல் ஒருவர் செருப்போடு உள்ளே கால் வைத்தால், பார்த்தவருக்குத் திக்கென்று இருக்கும்.

கோழிக் கொட்டிலுக்கும் அப்படி ஒரு வாசல் வேண்டும். நோய்க்கிருமி வெளியிலிருந்து உள்ளே வராமலும், உள்ளே இருப்பது வெளியே போகாமலும் தடுக்கும் பழக்கங்கள் எல்லாவற்றையும் சேர்த்து உயிரியல் பாதுகாப்பு என்பார்கள். பெரிய பண்ணைகளுக்கான சங்கதி என்று நினைக்க வைக்கும் பெயர். உண்மையில் அதன் நடுப்புள்ளி இந்தச் செருப்புதான்.

ஏன் செருப்பு? இராணிக்கெட் நோயை எடுத்துக்கொள்வோம். இந்தியாவின் ராணிக்கேத் ஊரின் பெயரால் நாம் அதை அழைக்கிறோம். வெள்ளைக்காரர்கள் நியூகாசில் என்பது இதே நோயைத்தான். நோய் பிடித்த கோழிகளுக்கு மூச்சு இரைக்கும், பச்சையாகக் கழியும், சிலதுக்குக் கழுத்துத் திருகிக்கொள்ளும். எச்சத்திலும் சளியிலும் வைரஸ் வெளியேறிக்கொண்டே இருக்கும். எச்சத்தில் மிதித்த செருப்பின் அடியில் கடலை அளவு ஒட்டியிருந்தாலே, அடுத்த கொட்டிலின் 200 கோழிகளில் முதல் இரண்டு மூன்றுக்கு அது கிடைத்துவிடும். பிறகு அவை மற்றவற்றுக்குக் கொடுக்கும். கம்போறோ எனப்படும் நோயின் வைரஸ் இன்னும் பிடிவாதமானது. கழுவாத கொட்டிலில் மூன்று மாதத்துக்கு மேலும் உயிர்ப்போடு கிடக்கும். முதல் தொகுதியை விற்றுப் பணத்தை எண்ணி முடித்த பிறகு இரண்டாம் தொகுதிக் குஞ்சுகள் அதே நோயில் விழுவதற்கு இது ஒரு காரணம்.

காற்றிலும் கொஞ்ச தூரம் சில நோய்கள் வரும், காகமும் கொண்டுவரும். ஆனால் ஒரு நாளில் கொட்டிலுக்குள் அதிகம் தடவை போய்வருவது காகமா, உரிமையாளரின் கால்களா என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால் இவ்வளவுதான்: நோய் பெரும்பாலும் எச்சத்தோடு ஒட்டி வருகிறது, எச்சம் பெரும்பாலும் காலோடு ஒட்டி வருகிறது. ஆகவே காலை நிறுத்தும் இடம் ஒன்று வேண்டும்.

## கோதுமை மாவும் மஞ்சளும்

அக்காவின் பேசினுக்குத் திரும்புவோம். அதில் இருந்தது ரி.சி.எல். தூள் கரைத்த தண்ணீர். கிணற்றுக்குப் போடுகிற அதே குளோரின் தூள்தான். இப்படிக் கிருமியைக் கொல்லும் மருந்துக்குப் பொதுப்பெயர் தொற்றுநீக்கி. குளோரின் நல்ல தொற்றுநீக்கி. இராணிக்கெட் வைரஸையும் பல பக்ரீறியாக்களையும் அது கொல்லும். ஆனால் அது கிருமியைத் தொட்டால்தான் கொல்லும்.

இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அதனால் அக்காவின் அடுப்படியிலேயே ஒரு சோதனை செய்து காட்டினோம். கோதுமை மாவில் நிறைய மஞ்சள் தூள் சேர்த்து, எச்சத்தின் பதத்துக்குக் குழைத்து, ஒரு பழைய செருப்பின் அடியில் கட்டியாக அப்பினோம். மற்றச் செருப்பில் மஞ்சள் தண்ணீரை மெல்லிசாகப் பூசி விட்டோம். இரண்டையும் புதிதாகக் கரைத்த குளோரின் தண்ணீரில் வைத்தோம். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பது ஆலத்தி எடுத்த எல்லாருக்கும் தெரியும். குளோரின் தண்ணீரும் காரமானது, அதனால் பட்ட இடம் முதலில் சிவந்து பிறகு வெளிறத் தொடங்கும். மெல்லிய பூச்சு முழுவதும் நிறம் மாறியது. கட்டியாக இருந்ததின் மேல்தோல் மட்டும் மாறியது. அதைக் கத்தியால் வெட்டிக் காட்டியபோது உள்ளே பளிச்சென்று மஞ்சள் அப்படியே இருந்தது.

அக்கா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப நான் இவ்வளவு நாளும் கழுவினது மேல்தோலத்தானா?" என்று கேட்டார். எங்கள் வீடியோவில் மிக நல்ல காட்சி அதுதான் என்று நினைக்கிறேன்.

மருந்து உள்ளே போகாதது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எச்சமும் சேறும் குளோரினைத் தின்றுவிடுகின்றன. 50 பேருக்குச் சமைத்த அன்னதானத்துக்கு வாசலிலேயே 500 பேர் நின்றால், பின்வரிசையில் நிற்பவருக்குச் சோறு எட்டாது. குளோரினும் அப்படித்தான். தண்ணீரில் எவ்வளவு அழுக்கு விழுகிறதோ அவ்வளவுக்குக் குளோரின் அழுக்கோடு சேர்ந்து செலவாகிவிடும், கிருமிக்கு மிச்சம் வராது. பேசின் பழுப்பாக இருந்தால் அது வெறும் அழுக்குத் தண்ணீர். அதில் கால் வைப்பது, முந்தி வந்தவரின் செருப்பு அழுக்கை நம் செருப்பில் பூசிக்கொள்வதுதான்.

மூன்றாவது, நேரம். மருந்து வேலை செய்யப் பரப்பு நனைந்தபடியே இருக்க வேண்டிய நேரத்தைத் தொடுகை நேரம் என்பார்கள். பல தொற்றுநீக்கிகளுக்கு அது 10 நிமிடம். பேசினில் 10 நிமிடம் கொக்கு மாதிரி யார் நிற்பார்கள்? நாங்கள் பார்த்தவரை எல்லாரும் இரண்டு விநாடிதான்.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பன்றிப் பண்ணைச் சப்பாத்துகளில் இதையே சோதித்தார்கள். எச்சம் ஒட்டிய சப்பாத்தோடு மருந்துத் தொட்டிக்குள் நடந்து போனதால் பக்ரீறியா குறையவில்லை. எச்சத்தைப் பிரஷால் தேய்த்து அகற்றியதுதான் பெரிய வித்தியாசத்தைக் கொண்டுவந்தது.

எங்கள் ஊருக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. குளோரின் வெயிலில் கரைந்து போய்விடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வாசலில் திறந்தபடி வைத்த பேசினில், காலையில் கரைத்தது பின்னேரம்வரை வலுவோடு இருக்கும் என்று நம்பக் கூடாது. மாரி மழைக் காலத்தில் அதே பேசினில் மழைத்தண்ணீர் நிரம்பி மருந்து நீர்த்துவிடும்.

ஆக, அழுக்கு மருந்தை மறைக்கிறது, அழுக்கு மருந்தைத் தின்கிறது, நமக்கோ நிற்க நேரமில்லை. பேசினைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதை முதல் காவலாக நம்ப வேண்டாம் என்கிறேன்.

## கோடும் இரண்டு சோடிச் சப்பாத்தும்

முதல் காவல் ஒரு கோடு. கொட்டில் வாசலுக்கு உள்ளே இரண்டு அடி தள்ளி, முழங்கால் உயரத்தில் ஒரு பலகை அல்லது இரண்டு வரிசைச் செங்கல். அதற்கு வெளியே இருப்பது அழுக்குப் பக்கம், உள்ளே இருப்பது சுத்தப் பக்கம். டென்மார்க்கின் பண்ணைகளில் வாங்கு ஒன்றைக் குறுக்கே வைத்துச் செய்வார்கள், அதனால் இதற்கு டென்மார்க் முறை என்றே பெயர் வந்துவிட்டது. நம் அக்கா வீட்டில் பழைய கட்டிலின் பக்கப் பலகை ஒன்று கிடந்தது, அதையே குறுக்கே வைத்து ஆணி அடித்தோம்.

வெளிச்செருப்பு கோட்டுக்கு வெளியேயே நிற்கும். பலகையில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, அந்தக் கால் நிலத்தில் படாமல் உள்பக்கம் தூக்கிப் போட்டு, அங்கே இருக்கும் கம்பூட்ஸில் நுழைக்க வேண்டும். பிறகு மற்றக் கால். அந்தக் கம்பூட்ஸ் கொட்டிலை விட்டு வெளியே போகவே கூடாது. கிணற்றடிக்கோ கடைக்கோ ஒரு தடவை போய்வந்தால் அன்றோடு அதன் மதிப்புப் போய்விடும். கம்பூட்ஸ் வாங்க முடியாவிட்டால் ஒரு சோடி றப்பர் செருப்பு போதும். உள்ளுக்கு மட்டும் என்று தெரிய வேறு நிறத்தில் இருக்கட்டும்.

உள்பக்கம் ஒரு வாளித் தண்ணீரும் சவர்க்காரமும் வைத்து, கை கழுவிய பிறகுதான் தீன் பாத்திரத்தைத் தொட வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட வயதுக் கோழிகள் இருந்தால் குஞ்சுகளை முதலில் பார்த்து, பெரியவற்றை அடுத்துப் பார்த்து, சோர்ந்து நிற்கும் கோழியைக் கடைசியாகப் பார்க்க வேண்டும். திரும்பிப் போகக் கூடாது. சோர்ந்ததைத் தொட்ட கையோடு குஞ்சுப் பக்கம் போவதுதான் வீட்டுக்குள்ளேயே நோயைப் பரப்பும் வழி.

இதில் எங்களுக்குப் பிடிபட்ட பெரிய தடை, கோழி வாங்க வருபவர். அவர் ஒரு நாளில் நாலைந்து பண்ணைக்குப் போவார். கொட்டிலுக்குள் வந்து கோழியைத் தூக்கி எடை பார்ப்பது அவருக்குப் பழக்கம். எங்கள் வீட்டிலேயே, பல வருடத்துக்கு முன், வாங்க வந்த ஒருவர் கொட்டிலுக்குள் போய்வந்த சில நாளில் கோழிகள் சாகத் தொடங்கின. அதற்கு முதல் நாள் அவர் நோய் கண்ட கொட்டிலுக்குப் போயிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அவரைக் குறை சொல்லி என்ன? அவருக்கு நாங்கள் கோடு காட்டவில்லை. இப்போது அக்கா வீட்டில் கோழியைப் பிடித்து வெளியே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். தராசு படலைக்கு வெளியே இருக்கிறது, லொறியும் படலையோடு நிற்கிறது. முட்டை விற்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அட்டையால் செய்த முட்டைத் தட்டு ஈரத்தை உறிஞ்சும், கழுவவே முடியாது. கடைக்குப் போன அட்டைத் தட்டு திரும்பி வரக் கூடாது. பிளாஸ்ரிக் தட்டைக் கழுவிக் காயவைத்து எடுக்கலாம்.

பேசினுக்கு இப்போது இடம் எங்கே? கோட்டின் உள்பக்கம், நிழலில், மூடியோடு. பின்னேரம் வேலை முடிந்ததும் உள் சப்பாத்தை வாளித் தண்ணீரில் பிரஷால் தேய்த்து, அடிப்பள்ளங்களில் இருக்கும் எச்சத்தைக் குச்சியால் எடுத்து, அதன் பிறகு மருந்துத் தண்ணீரில் 10 நிமிடம் வைத்து, கம்பில் தலைகீழாக மாட்ட வேண்டும். இப்போது மருந்துக்குத் தேவையான நேரம் கிடைக்கிறது, நமக்கும் நிற்கத் தேவையில்லை. மறுநாள் புதிதாகக் கரைக்க வேண்டும்.

## கொட்டிலைக் கழுவும் வரிசை

ஒரு தொகுதி விற்றதும் கொட்டிலைக் கழுவுவது எல்லாரும் செய்வதுதான். தவறுவது வரிசையில். பலர் கூளத்தை அள்ளியவுடன் மருந்தைத் தெளித்துவிடுகிறார்கள். மேலே சொன்ன மஞ்சள் மாக்கட்டியை நினைத்தால் அதனால் என்ன பயன் என்பது விளங்கும். ஒரு வார்த்தை: நிலத்தில் பரப்பும் உமி, மரச்சீவல் போன்றவற்றையும் அதில் கலந்த எச்சத்தையும் சேர்த்துத்தான் கூளம் என்கிறோம்.

அக்காவின் கொட்டில் 20 அடி நீளம், 10 அடி அகலம். சீமெந்து நிலம், இரண்டு அடிச் சுவர், அதற்கு மேல் கம்பிவலை. அதில் நாங்கள் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

முதல் நாள், கோழி போனதும் தீன் பாத்திரம், தண்ணீர்ப் பாத்திரம் எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, தூசி பறக்காமல் இருக்கக் கூளத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்து, அள்ளிச் சாக்கில் கட்டினோம். நிலாவெளிப் பக்கம் வெங்காயத் தோட்டக்காரர்கள் இதை வாங்குவார்கள். அதுவரை கொட்டிலுக்குப் பக்கத்தில் குவிக்காமல், வளவின் தூரத்து மூலையில் பொலித்தீனால் மூடி வைத்தோம். பக்கத்தில் குவித்தால் காகமும் மழைத்தண்ணீரும் அதைத் திருப்பி உள்ளே கொண்டுவரும்.

பிறகு கூரைக் கம்பிலிருந்து தொடங்கித் தும்புத்தடியால் கூட்டினோம். மேலிருந்து கீழே என்பதை விடக் கூடாது. நிலத்தை முதலில் கூட்டிவிட்டுக் கம்பில் தொங்கும் தூசிவலையைத் தட்டினால் வேலை இரட்டிப்பாகும்.

இரண்டாம் நாள் சவர்க்காரம். நிலத்தையும் சுவரையும் முதலில் வெறும் தண்ணீரால் நனைத்து அரை மணி ஊறவிட்டோம். அடிப்பிடித்த சோற்றுச் சட்டியை ஊறப்போடாமல் யாரும் தேய்ப்பதில்லையே. ஊறிய பிறகு சலவைத் தூள் கரைத்துத் தேய்த்தோம். கட்டிச் சவர்க்காரத்தைவிடத் தூளைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: கடலோரக் கிணறுகளில் தண்ணீர் பல இடங்களில் உப்பும் சுண்ணமுமாகக் கடினமாக இருக்கும், அதில் கட்டிச் சவர்க்காரம் நுரைக்காமல் திரிந்துவிடும். சலவைத் தூளுக்கு அந்தப் பிரச்சினை குறைவு. தண்ணீர்ப் பாத்திரத்தின் உள்விளிம்பில் விரல் வைத்தால் வழுக்கும். அந்த வழுக்கல்தான் கிருமிகள் சேர்ந்து கட்டிய கூடு. மருந்து ஊற்றினால் போகாது, தேய்த்தால் போகும். கிருமியின் பெரும்பகுதி இந்தத் தேய்ப்பிலேயே வெளியேறிவிடுகிறது. மருந்து மிச்சத்தைப் பார்க்கிறது.

அலசிவிட்டு மூன்றாம் நாள் முழுக்கக் காயவிட்டோம். ஈரத்தின் மேல் மருந்து தெளித்தால் ஈரம் மருந்தை நீர்த்துவிடும். கொட்டில் காய்ந்ததும் குற்றம் தெரியும்: காய்ந்த சீமெந்தில் எச்சம் வெள்ளைப் பட்டையாக நிற்கும். அக்காவின் கொட்டிலில் சுவரடி மூலைகளில் அப்படி இரண்டு இடம் தெரிந்தது, திரும்பத் தேய்த்தோம். வெள்ளைக் கடதாசியால் துடைத்துப் பார்ப்பதும் நல்ல சோதனை. அது பழுப்பானால் மருந்துக்கு இன்னும் நேரம் வரவில்லை.

நான்காம் நாள் மருந்து. 30 வீதக் குளோரின் உள்ள ரி.சி.எல். தூளானால் 10 லீற்றர் தண்ணீருக்கு 170 கிராம். அப்போது தண்ணீரில் அரை வீதக் குளோரின் இருக்கும். பொதியில் வேறு வீதம் எழுதியிருந்தால் அளவும் மாறும், எழுத்தைப் பாருங்கள். பிளாஸ்ரிக் வாளியில் முதலில் தண்ணீர், பிறகு தூள். தூளில் உள்ள சுண்ணாம்பு அடியில் மண்டியாகத் தங்கும், மேலே தெளிந்ததை மட்டும் எடுக்க வேண்டும். நிலமும் சுவரும் சேர்ந்து கிட்டத்தட்ட 30 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றருக்கு 300 மில்லிலீற்றர் என்று பார்த்தால் 9 லீற்றர், ஆக ஒரு வாளி சரியாகப் போதும். பூவாளியால் தெளித்து, 10 நிமிடம் நனைந்தபடி இருக்கிறதா என்று பார்த்தோம். காய்ந்த இடத்தைத் திரும்ப நனைத்தோம். கம்பிவலையை மட்டும் பிறகு தண்ணீரால் கழுவினோம், குளோரின் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும்.

இங்கே ஒரு ஆபத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கூளம் கிடக்கும்போது அதன் மேல் குளோரினை ஊற்றக் கூடாது. கூளத்தின் காரமான வாடை அமோனியா. அதோடு குளோரின் சேர்ந்தால் கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும் வாயு கிளம்பும். கக்கூஸ் கழுவும் அமிலத்தோடு சேர்ந்தாலும் அப்படித்தான், இன்னும் மோசம். கையுறை போட்டு, காற்று வரும் பக்கம் முதுகு காட்டி நின்று தெளியுங்கள்.

அதன் பிறகு கொட்டில் 14 நாள் வெறுமையாகக் கிடக்க வேண்டும். இதைத்தான் யாரும் விரும்புவதில்லை. குஞ்சு வந்துவிட்டது, பணம் முடங்குகிறது என்பார்கள், அதுவும் விளங்குகிறது. ஆனால் கோழி இல்லாத காய்ந்த கொட்டிலில் மிச்சக் கிருமிகள் நாளுக்கு நாள் செத்துக்கொண்டிருக்கும், அந்த வேலையைச் செலவில்லாமல் செய்வது வெயில்தான். குளோரினுக்கு மசியாத எதிரி ஒன்றும் உண்டு: இரத்தக் கழிச்சல் எனும் கொக்சிடியோசிஸ். அதன் முட்டை போன்ற விதைகளுக்குத் தடித்த ஓடு இருப்பதால் சாதாரண மருந்து உள்ளே போகாது. ஆனால் அவை நோய் தரும் நிலைக்கு முதிர ஈரம் வேண்டும். ஈரமும் சூடும் இருந்தால் ஓரிரு நாளில் முதிர்ந்துவிடும், காய்ந்து கிடந்தால் முடியாது. ஆகவே கோழி உள்ளே வந்த பிறகும் தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றி நனைந்த கூளத்தை அன்றன்றே அள்ளிவிட வேண்டும். ஒரு பிடி கூளத்தை இறுக்கிப் பிழியுங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நல்லது. உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம்.

வரிசையை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: அள்ளு, கூட்டு, ஊறவை, தேய், அலசு, காயவை, மருந்திடு, திரும்பக் காயவிடு.

## கண்ணில் படும் எச்சரிக்கை

வீடியோவின் முதல் வடிவத்தில் நாங்களே ஒரு தவறு செய்தோம். செய்யக் கூடாதவற்றை வரிசையாகக் காட்டி, மேலே சிறிய எழுத்தில் "தவறு" என்று போட்டிருந்தோம். நாலைந்து பேருக்குக் காட்டியபோது ஒருவர், பேசினில் கால் வைத்துப் போகும் காட்சியைத்தான் நாங்கள் செய்யச் சொன்னதாக எடுத்துக்கொண்டார். கொட்டிலுக்குப் பக்கத்தில் கோழிச் சத்தத்துக்கு நடுவில் பார்ப்பவர்களுக்குக் குரல் கேட்காது, படம்தான் பேசும். திரும்ப எடுத்தோம். தவறான காட்சி ஒவ்வொன்றிலும் முழுத்திரைக்கும் சிவப்பு விளிம்பு, குறுக்கே பெரிய சிவப்புப் பெருக்கல் குறி, மூன்று விநாடிக்கு மேல் இல்லை. அடுத்த நொடியே பச்சை விளிம்போடு அதே ஆள் சரியாகச் செய்யும் காட்சி, அது நீளமாக, மெதுவாக. சரியானதையே கண் அதிக நேரம் பார்க்க வேண்டும்.

அதே நிறங்களைக் கொட்டிலிலும் வைத்தோம். குறுக்குப் பலகைக்குச் சிவப்பு வர்ணம். அதன் வெளிப்பக்க நிலத்தில் செருப்பின் அளவில் இரண்டு கால் வடிவம், வெளிச்செருப்பு நிற்கும் இடம் அதுதான் என்று காட்ட. உள்பக்கத்தில் பச்சைக் கால் வடிவம், உள் சப்பாத்துக்கு. செருப்பு தவறான பக்கம் கிடந்தால் தூரத்திலிருந்தே தெரியும். அறிவிப்புப் பலகை கண்ணின் உயரத்தில் படலையிலேயே இருக்க வேண்டும். கொட்டில் வாசலில் வைத்தால் அதை வாசிப்பதற்குள் ஆள் உள்ளே வந்துவிடுவார். அதில் செருப்புப் படமும் அதன்மேல் ஒரு குறுக்குக் கோடும், கீழே தமிழிலும் சிங்களத்திலும் "நில்லுங்கள், கூப்பிடுங்கள்" என்ற இரண்டு சொற்களும். லொறி ஓட்டி வருபவர் எந்த மொழிக்காரராகவும் இருக்கலாம். கூப்பிட ஒரு மணியும் தொங்குகிறது. "உள்ளே வராதீர்கள்" என்று மட்டும் எழுதினால், வந்தவர் அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் உள்ளேதான் வருவார்.

பேசினுக்கும் ஒரு அடையாளம் வைத்தோம். வெள்ளைப் பேசின் வாங்கி அதன் அடியில் கறுப்பு வர்ணத்தில் ஒரு பெரிய புள்ளி இட்டோம். தண்ணீருக்குள் புள்ளி தெளிவாகத் தெரியாவிட்டால் மாற்ற வேண்டும். நீலப் பேசினில் இருந்த பழுப்புத் தண்ணீர் யார் கண்ணுக்கும் படாமல் போனதற்கு நிறமும் ஒரு காரணம். புள்ளி தெரிந்தாலும் நாளுக்கு ஒரு தடவை மாற்றியே ஆக வேண்டும், வலுக் குறைந்த குளோரின் தண்ணீரும் தெளிவாகத்தான் இருக்கும்.

கடைசி எச்சரிக்கை கோழிகளிடமிருந்தே வருவது. ஒரே நாளில் வழமைக்கு மாறாகப் பல கோழி செத்தால், அல்லது தீனும் தண்ணீரும் திடீரென்று குறைந்தால், சிவப்புத் துணி ஒன்றைப் படலையில் கட்டுங்கள். அன்று யாரும் வரவும் கூடாது, கோழி போகவும் கூடாது. பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு உடனே சொல்லுங்கள். செத்ததைக் களப்பிலோ காட்டிலோ எறியாமல், கிணற்றிலிருந்து 100 அடியாவது தள்ளி ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி, மேலே மூன்று அடி மண் இட்டு மூட வேண்டும். எறிந்தால் நாயும் காகமும் அடுத்த வளவுக்கு எடுத்துப் போகும். தடுப்பூசிக்குப் பதிலாக இவை எதுவும் ஆகாது, இராணிக்கெட்டுக்கும் கம்போறோவுக்கும் ஊசியோ சொட்டு மருந்தோ உரிய வயதில் போட்டே ஆக வேண்டும். உள்ளே வரும் கிருமியின் அளவைக் கோடும் சுத்தமும் குறைக்கும், வந்ததைத் தாங்கும் பலத்தைத் தடுப்பூசி கொடுக்கும்.

போன மாதம் திரும்பப் போனபோது அக்காவின் படலையில் மணியை அடித்துவிட்டு நின்றேன். அவர் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, "தம்பி, அங்கேயே நில்லுங்கோ, குஞ்சு இறக்கி ரெண்டு நாள்தான்" என்றார். பேசினைக் கொண்டுவந்து தூரத்திலிருந்தே சரித்துக் காட்டினார். கறுப்புப் புள்ளி தெளிவாகத் தெரிந்தது.